விலாசம் மாறிய இரங்கல்

எங்கள் கம்பி ஆலையில் யார் செத்தாலும் ஆராவமுதன் முகத்தில் ஒரு களை வந்துவிடும். துக்கம் இல்லாமல் இல்லை, இருக்கும். ஆனால் அந்தத் துக்கத்துக்கு நடுவே, கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு வருகிற பரபரப்பு ஒன்று தெரியும். மேஜை டிராயரைத் திறப்பார், பொடி டப்பாவை எடுப்பார், இரண்டு மூக்கிலும் ஏற்றிக்கொள்வார், "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்பார். எங்கள் ஆலையில் அந்த இழப்பு ஒவ்வொரு தடவையும் நாலே நாளில் ஈடு செய்யப்பட்டிருக்கிறது. ஐந்தாம் நாள் அந்த ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.

ஆராவமுதன் திருவள்ளூர்க்காரர். தகப்பனார் கோயில் கைங்கர்யம். பிள்ளைக்குப் பிரபந்தம் வரவில்லை, டைப்ரைட்டிங் வந்தது. எங்கள் ஆலை கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டு ஓரமாக அறுபத்தொன்பதில் தொடங்கியபோது ஆபீஸ் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயந்திரம் ரயில் பிடித்துப் பட்டணம் போய், அங்கே வேறு ரயில் மாறித் திருவள்ளூர் போவார். ஒல்லியான மனிதர், நெற்றியில் ஒற்றைக் கோடு, வெயிலோ மழையோ கையில் குடை. ஐயங்காரான அவரை என்னைப் போன்றவர்கள் பழக்கத்தில் "ஐயரே" என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார்.

நான் தானியேல். லேத் ஓட்டுகிறவன், யூனியனில் செயலாளர். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. ஆகவே யூனியன் பெயரில் போகிற வாழ்த்து, நன்றி, வரவேற்பு, இரங்கல் எல்லாவற்றையும் எழுதுகிற வேலை ஆராவமுதன் தலையில் விழுந்தது. மற்றவை சுமார். இரங்கலில்தான் அவர் ராஜா. அவருடைய இரங்கல் தீர்மானத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிற வீடுகள் இந்த வட்டாரத்தில் நாலு உண்டு. அந்த நாலு வீட்டுக்கும் அவர் போனதில்லை. துக்க வீட்டு வாசலையே அவர் மிதித்ததில்லை. "நேக்கு அதெல்லாம் தாங்காது, தானியேல். நான் எழுதித் தரேன், நீர் கொண்டு போய்க் கொடும்" என்பார். சமையல்காரர் பந்தியில் உட்காருவதில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஸ்டோர்கீப்பர் தணிகாசலம் எளாவூரில் தன் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு.

தணிகாசலத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நட்டு, போல்ட்டு, கையுறை, சோப்பு, பேப்பர், பென்சில் எது வேண்டுமானாலும் அவருடைய கம்பி வலை ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நாம் வாயைத் திறக்கும் முன்னே அவர் "இல்ல" என்பார். என்ன வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் கேட்பார். அடுத்த கேள்வி, "பழசு எங்க?" பழையதைத் திருப்பிக் கொடுக்காமல் புதியது கிடைக்காது. வெல்டர் யேசுதாஸ் ஒரு தடவை கையுறையில் ஒன்று தொலைந்துவிட்டது என்று போய் நின்றான். தணிகாசலம் இடது கைக்கு மட்டும் ஒன்று கொடுத்தார். "ஒண்ணுதான தொலஞ்சிது? ஒண்ணு புடி" என்றார். மேனேஜர் டார்ச்சுக்கு பேட்டரி கேட்டு பியூனை அனுப்பினார். செத்த பேட்டரி வரட்டும் என்று பியூனைத் திருப்பி அனுப்பிவிட்டார். கேன்டீனில் டீ குறைகிறது என்று வீட்டிலிருந்து தன் டம்ளரைக் கொண்டுவந்து அளந்து பார்த்தவர் அவர். என் கதை வேறு. ஆலையின் கழிவுத் துண்டில் வீட்டுக்கு ஒரு தேங்காய்த் துருவி செய்துகொண்டிருந்தேன், நேராக மேனேஜரிடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் சஸ்பெண்டு. அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். எல்லோருக்கும் வார லீவு. நூற்று நாற்பது பேர் வேலை செய்கிற ஆலையிலிருந்து நாலு பேர் போனோம். நான் போனது செயலாளர் என்பதால். மற்ற மூன்று பேருக்கும் எளாவூர்தான் சொந்த ஊர், போகாமல் தப்பிக்க முடியாது. தணிகாசலத்தின் அண்ணன் எங்களை எண்ணிப் பார்த்தார். "ஃபேக்டரில இவ்ளோதான் ஆளா?" என்று கேட்டார். நான் ஷிப்ட் இருக்கிறது என்று ஏதோ உளறினேன். ஞாயிற்றுக்கிழமை என்ன ஷிப்ட் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் தம்பி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். கங்கம்மா, தணிகாசலத்தின் மனைவி, தலையைக் குனிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை இரங்கல் கூட்டம். எங்கள் வழக்கம் இதுதான்: மதியம் இரண்டரைக்கு ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். போகிறவர்களும் வருகிறவர்களும் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் தீர்மானத்தைப் படிப்பேன். பிறகு இரண்டு நிமிஷ மௌனம். அந்த இரண்டு நிமிஷம் எங்கள் ஆலையில் முப்பது விநாடியைத் தாண்டியதில்லை, ஏனென்றால் பஸ் போய்விடும். ஒரு பிரதி நோட்டீஸ் போர்டுக்கு, ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று கண்ணாடி போட்டு வீட்டுக்கு.

ஆராவமுதன் கொடுத்த தாளை நான் முன்கூட்டிப் படிக்கவில்லை. எப்போதும் படித்ததில்லை. மைக் இல்லாத கூட்டம், உரக்கப் படித்தேன். "எல்லோரிடத்தும் இன்முகத்துடன் பழகியவரும்" என்றதும் பின்வரிசையில் ஒருவன் இருமினான். "கடுஞ்சொல் அறியாதவரும்" என்றேன், நாலு பேர் இருமினார்கள். "கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லி அறியாதவருமான திரு. தணிகாசலம் அவர்கள்" என்று படித்து முடித்தபோது கூட்டத்துக்கே கக்குவான் கண்டதுபோல் ஆகிவிட்டது. யேசுதாஸ் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மௌனம் பத்து விநாடிகூட நிற்கவில்லை. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்.

வியாழக்கிழமை அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு எளாவூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். செக்போஸ்ட்டுக்கு நூறு கஜம் இப்பால் ஓட்டு வீடு. லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வாசல் கதவைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. கொண்டியும் இல்லை, ஆணியும் இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

கங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவது படிக்கிற மகள் வாங்கி உரக்கப் படித்தாள். பாதியிலேயே அந்தப் பெண்ணின் குரல் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. கங்கம்மா கடைசி வரை கேட்டார். பிறகு சட்டத்தைத் தன் முந்தானையால் ஒரு தடவை துடைத்து என்னிடமே நீட்டினார்.

"அண்ணா, இது மாறி வந்துகுது. இது எங்க ஊட்டுக்காரரு இல்ல."

"பேரு போட்டுக்குதேம்மா, தணிகாசலம்னு."

"பேரு போட்டுக்குது. மத்ததெல்லாம் வேற யாரோ. இல்லன்னு சொல்லாதவரா? அவரு பேச்ச ஆரம்பிக்கறதே இல்லன்னுதான். கண்ணாலத்தன்னிக்கு சாப்டியான்னு கேட்டேன், இல்லன்னாரு. அன்னிலேந்து அதான்." அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். "உங்க ஃபேக்டரில வேற யாருனா நல்ல மனுசன் பூட்டாரா? அவுங்க ஊட்ல இத தேடினு இருப்பாங்க. எடுத்துக்கினு போயி குட்துடுங்க. எங்களுத கொண்டாங்க."

ஊர் உலகத்துக்கே பதில் சொல்கிற செயலாளர் நான், சட்டத்தைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு பதினாறாம் நாளு" என்றார் கங்கம்மா. "அவரு அண்ணனுங்க, பங்காளிங்க அல்லாரும் வருவாங்க. அன்னிக்கு நாலே பேரு வந்தீங்க இல்ல, அத்த வெச்சி பேசிக்கினு கீறாங்க. ஃபேக்டரிலயும் இவன் லட்சணம் இதான்னு. நான் இருபத்தினாலு வருசம் குட்தனம் பண்ணேன், ஊட்ல எப்டின்னு எனக்குத் தெரியும். அங்க இன்னா பண்ணாரு, எப்டி இருந்தாருன்னு தெரியாது. அத்த எழுதிக் குடுங்க. பொய் வாணாம். இத படிச்சா பங்காளிங்க சிரிப்பாங்க. இவளும் அப்பன நெனச்சி சிரிப்பா."

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன். அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஆராவமுதன் மேஜைமேல் சட்டத்தை வைத்து நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "இதுவரைக்கும் ஒருத்தரும் திருப்பினதில்லை" என்றார். பிறகு பொடி போட்டார். பிறகு, நான் கேட்காமலே, உண்மை வெளியே வந்தது. அந்தத் தீர்மானம் தணிகாசலத்துக்காக எழுதியதில்லை. எழுபத்திரண்டில் முதலாளியின் மாமனார் காலமானபோது எழுதியது. அந்த மாமனாரை எங்கள் ஆலையில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் புகழ்வதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து உருளையில் மை தடவி ஐம்பது பிரதி எடுத்தார்கள். அடுத்த வருஷம் வாட்ச்மேன் ஒருவர் செத்தார். ஆராவமுதன் புது ஸ்டென்சில் கேட்டு ஸ்டோர் ஜன்னலுக்குப் போனார்.

"என்ன சொன்னார் தெரியுமோ?" என்றார் ஆராவமுதன். "பழசு எங்கேன்னார். பழசுல வேற ஒருத்தர் பேர் இருக்குன்னேன். 'பேர மட்டும் திருத்தற மருந்து தடவி அடைச்சிட்டு காலியா வுடு, அப்பால கையால எழுதிக்க. மத்ததெல்லாம் அல்லாருக்கும் ஒண்ணுதான? செத்தவன் வந்து படிக்கப் போறானா'ன்னார். நான் என்ன பண்ணுவேன்?"

அதாவது வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், டிரைவர், கேன்டீன் மாஸ்டர் என்று நாலு பேருக்கும் முதலாளியின் மாமனாருடைய குணநலன்களைத்தான் நாங்கள் வழங்கியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் நானே உரக்கப் படித்தும், இரங்கல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஐந்தாவதாக, அந்த யோசனையைச் சொன்னவருக்கே அதை வழங்கினோம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். தணிகாசலத்துக்கு அது செத்த பிறகு வந்து சுட்டது. பாவம், சூடு பட்டது அவர் பெண்டாட்டிக்கு.

"புதுசா எழுதும்" என்றேன்.

மறுநாளே ஒன்று எழுதினார். "கண்டிப்புக்கும் கறாருக்கும் இலக்கணமாய், கொள்கைப் பிடிப்பின் சிகரமாய்" என்று தொடங்கியது. எழுத்துலகத்தில் கொள்கைப் பிடிப்பு என்றால் பிடிவாதம், மனதில் பட்டதைச் சொல்பவர் என்றால் வாய்த் துடுக்கு, தனிமை விரும்பி என்றால் யாரும் சேர்க்கவில்லை. இது பங்காளிகளுக்கும் தெரியும். மெழுகு பூசிய வசவு அது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, ரோஷத்தில் எழுதியது. "எங்களுக்கும் அன்னாருக்கும் பல சமயங்களில் மனத்தாங்கல்கள் ஏற்பட்டது உண்மையே எனினும், அவற்றை மறந்து மன்னித்து" என்று இருந்தது.

"யாரு யார மன்னிக்கறது?" என்றேன். "சார், உமக்கும் அவருக்கும் ஸ்டென்சில் சண்டை. எனக்கும் அவருக்கும் துருவி சண்டை. அத கொண்டு போயி அந்தம்மா தலையில கட்டுவானேன்? புருசனையும் பறி குட்துட்டு, நம்ம மன்னிப்பையும் வாங்கிக்கணுமா?"

அவர் அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். அந்தச் சனிக்கிழமை திருவள்ளூருக்குப் போய்விட்டு வந்தபோது முகம் தொங்கியிருந்தது. வீட்டில் ஸத்யபாமா அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அரிசி களைந்துகொண்டே, "என் தோப்பனார் போனப்போ எங்க அம்மாவுக்கு நீங்க எழுதின கடுதாசியிலயும் இன்முகம் இருந்தது. அவர் முகத்தை நீங்க பார்த்ததுண்டோ?" என்று கேட்டாராம். பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம் அந்தக் கடிதம் எழுதி. அத்தனை நாள் அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

"எழுத மாட்டேன், தானியேல். நேக்கு வராது" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு முதல் தடவையாக அந்த மனிதர் மேல் பிரியம் வந்தது.

"எழுத வாணாம். கேப்போம். ஆளுக்கு ஒரு நெசம் சொல்லட்டும்" என்றேன்.

திங்கள் முதல் புதன் வரை ஆலை முழுக்கச் சுற்றினோம். ஆராவமுதன் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக, எண்ணெயில் வழுக்கி வழுக்கி நடந்தார். ஒன்பது வருஷத்தில் மெஷின் ஷெட்டுக்குள் அவர் வந்ததே அப்போதுதான். கேட்டவர்கள் எல்லோரும் புகார்தான் சொன்னார்கள். நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. புகார் முடிந்ததும், "செரி, வேற?" என்று மட்டும் கேட்டோம். அந்த "வேற" என்பதற்குத்தான் பலர் தலையைச் சொறிந்தார்கள்.

யேசுதாஸ் ஒற்றைக் கையுறைக் கதையை நடித்தே காட்டினான். "வேற?" என்றோம். "கரண்ட் போச்சின்னா ஸ்டோர் இருட்டுதான? நாம கேட்ட போல்ட்ட கைய வுட்டு எடுத்துக் குடுப்பாரு. ஒரு தபா கூட தப்பா குட்ததில்ல" என்றான். கேன்டீன் கன்னியம்மா டம்ளர் சங்கதியைச் சொல்லி மூச்சு விடாமல் திட்டினாள். "வேற?" "வேற இன்னா? எத சொன்னாலும் என் மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னாரு. மத்தவங்க நல்லாக்குது கன்னியம்மான்னு சொல்லிட்டு அந்தாண்ட போயி துப்புவாங்க." மேனேஜரிடமே ஆராவமுதன் போய்க் கேட்டார், அது அவருக்குப் பெரிய தைரியம். மேனேஜர் பேட்டரிக் கதையைச் சொன்னார், பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் ஹெல்பருக்கும் ஒரே பதில். வேற யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை" என்றாராம்.

என்னையும் கேட்டார். "துருவி சமாசாரம் தெரியும். வேற?"

எனக்குக் கதவு ஞாபகம் வந்தது. பத்தாயிரம் திருகாணி வைத்திருந்த மனிதரின் வீட்டுக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதைச் சொன்னேன். ஆராவமுதன் எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "நானும் வரேன் பதினாறுக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராவமுதன், யேசுதாஸ், நான் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். யேசுதாஸ் ஒரு பையில் திருப்புளியும், கடையில் வாங்கிய கொண்டியும், திருகாணியும் வைத்திருந்தான். கடை பில்லையும் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஆலையிலிருந்து எடுத்தது என்று நினைத்தால் தணிகாசலம் செத்தும் எழுந்து வருவார் என்றான். வீட்டு வாசலில் ஆராவமுதன் செருப்பைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் நின்றார். அவர் வழக்கப்படி திரும்பிப் போய் முழுக்குப் போட வேண்டும். அவர் பயந்தது முழுக்குக்கு அல்ல.

உள்ளே காரியம் முடிந்து பங்காளிகள் இருபது முப்பது பேர் பாயில் இருந்தார்கள். தணிகாசலத்தின் அண்ணன், "எம்மாம் பேரு, மூணா? போன தபா நாலு" என்றார். கங்கம்மா ஆராவமுதன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எங்களுது கெடச்சிதா, சாமி?" என்று கேட்டார்.

"கிடைச்சுதும்மா" என்றார். கண்ணாடி இல்லை, டைப் இல்லை. கையால் எழுதிய ஒரே ஒரு தாள். அவரே எழுந்து நின்று படித்தார்.

"கங்கம்மா அவர்களுக்கு. உங்கள் கணவர் எங்களோடு ஒன்பது வருஷம் வேலை செய்தார். அவரோடு வேலை செய்வது சுலபமாக இல்லை. எங்களில் அவரோடு சண்டை போடாதவர் யாரும் இல்லை. பழையதைக் கொடுக்காமல் புதியதைத் தர மாட்டார். ஹெல்பருக்கும் தர மாட்டார், மேனேஜருக்கும் தர மாட்டார். எங்கள் ஆலையில் எல்லோரும் சமமாக நின்ற இடம் அவருடைய ஜன்னல் ஒன்றுதான்."

இந்த இடத்தில் வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஆராவமுதன் நிறுத்தி, அது போகட்டும் என்று காத்திருந்து, தொடர்ந்தார். பழைய ஆராவமுதனாக இருந்தால் லாரியோடு சேர்த்துப் படித்து முடித்திருப்பார்.

"கரண்ட் போன இருட்டில் கேட்ட சாமானைத் தடவி எடுத்துக் கொடுப்பார். ஒரு தடவையும் தவறியதில்லை. யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசியதில்லை. எங்களைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த புகார்களில் பொய் எதுவும் இல்லை. ஸ்டோரிலிருந்து ஒரு ஆணிகூட அவரோடு வீட்டுக்கு வரவில்லை. உங்கள் வாசல் கதவைப் பார்த்தவர் சொன்னார். அவரை எடுத்த அன்று எங்களுக்கு லீவு நாள். நூற்று நாற்பது பேரில் நாலு பேர் வந்தோம். மற்றவர்களும் வந்திருக்க வேண்டும். வராதது அவருடைய குறை அல்ல, எங்களுடையது. அவர் இல்லாமல் உங்களுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டோம். தெரியாது. ஆலையிலிருந்து வர வேண்டிய காகிதங்களுக்கு நீங்கள் அலைய வேண்டாம். தானியேல் புதன்கிழமை எடுத்துக்கொண்டு வருவார்."

"எங்களில் அவரோடு சண்டை போடாதவர் யாரும் இல்லை" என்ற இடத்திலேயே பங்காளிகள் சிரித்துவிட்டார்கள். கங்கம்மாவும் சிரித்தார். ஆனால் இது வேறு சிரிப்பு, தெரிந்த ஆள் வாசலில் வந்து நின்றால் வருகிற சிரிப்பு. ஆணி என்ற இடத்தில் அவருக்கு முகம் கோணி அழுகை வந்தது. பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலத்தின் அண்ணன் மூக்கைச் சிந்திவிட்டு, "நம்மகிட்டயும் அப்டிதான இருந்தான், நேரா பேசுவான்" என்றார். நாங்கள் மூன்று பேர்தான் வந்திருக்கிறோம் என்பதை அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை. வாசலில் யேசுதாஸ் கொண்டியை முடுக்கிக்கொண்டிருந்தான்.

கங்கம்மா தாளை வாங்கி மடித்தார். "இது அவருதான், சாமி. கரெக்டா வந்துகுது" என்றார். பிறகு ஞாபகம் வந்ததுபோல, "அந்தப் பழச அந்த ஊட்டுக்குக் குட்துட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். ஆராவமுதன் பார்க்கவில்லை.

"அப்படி ஒரு வீடு இல்லைம்மா. நான்தான் யாரையும் பாக்காம எழுதினேன். என் தப்பு" என்றார்.

கங்கம்மா மடித்த தாளை முந்தானையில் முடிந்துகொண்டார். "அப்ப கிழிச்சிப் போட்டுடுங்க. ஆளில்லாத சாவு சேதிய வெச்சிக்கக் கூடாது."

நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

மறுநாள் காலையில் ஆராவமுதன் டிராயரிலிருந்து அந்த ஸ்டென்சிலை எடுத்தார். ஆறு வருஷமாகப் பழைய செய்தித்தாளுக்குள் மடித்து வைத்துக் காப்பாற்றியது. குறுக்கே கிழித்தார். வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், டிரைவர், கேன்டீன் மாஸ்டர் நாலு வீட்டுக்கும் ஒவ்வொரு ஞாயிறாகப் போகப் போகிறேன் என்றார். அவர்கள் சந்தோஷமாக மாட்டி வைத்திருக்கிறார்கள், கெடுக்காதீர் என்று சொன்னேன். திருப்பித் தராதவர்களுக்கெல்லாம் அது பொருந்திவிட்டது என்று அர்த்தமா என்று கேட்டார்.

பிறகு, நோட்டீஸ் ஒன்று அடிக்க வேண்டியிருந்தது, புது ஸ்டென்சில் வேண்டும். நானும் கட்டிங் ஆயில் வாங்க வேண்டியிருந்ததால் கூடவே ஸ்டோருக்குப் போனேன். தணிகாசலத்தின் ஸ்டூலில் வரதன் என்ற புது ஆள், நல்ல பையன், சிரித்த முகம். கம்பி வலை ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தான். ஆராவமுதன் ஸ்டென்சில் என்று சொல்லி வாய் மூடும் முன் முழுப் பாக்கெட்டையே எடுத்து நீட்டினான். "எடுத்துக்கினு போங்க சார், வேணும்னா இன்னும் கீது."

ஆராவமுதன் வாங்கவில்லை. கிழிந்த பழைய ஸ்டென்சிலின் இரண்டு துண்டையும் பையிலிருந்து எடுத்துக் கம்பி வலைக்குள் தள்ளினார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றார், "பழசு எங்கேன்னு."